முள் மூன்றரை டிகிரி தள்ளி நின்றது

(ஏலக்காய் ஸ்டோர் மேற்பார்வையாளர்களுக்காகப் போடிநாயக்கனூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை "அளவுக்கருவிகளும் தரமும்" என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய விஷயம் பேச நான் வரவில்லை. ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். ஸ்டோரில் ஒரு வெப்பமானி தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்ததும் அதைக் கழற்றிவிட்டு, மேற்பார்வையாளருக்குக் கொடுக்கிறோமே ஒரு நோட்டீஸ், அந்தக் காகிதம். அதில் என்ன எழுத வேண்டும், ஏன் எழுத வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் "நோட்டீஸ்" என்றாலே மெமோ என்றுதான் நினைக்கிறோம். கையில் வாங்கியவர் முகம் மாறிவிடும். "நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?" என்பார். அதனாலேயே பல ஸ்டோர்களில் இதை எழுதுவதே இல்லை. வாயால் சொல்லிவிட்டு, வேறொரு வெப்பமானியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பழையது மேசை டிராயருக்குள் கிடக்கும். இரண்டு மாதம் கழித்து இன்னொரு அறையில் வெப்பமானி உடையும்போது, யாரோ அதை எடுத்து மாட்டிவிடுவார்கள். இதை நான் ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஏலக்காய் உலர்த்துவது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. ஆனாலும் கணக்குக்காக ஒரு முறை சொல்கிறேன். செடியிலிருந்து பறித்த பச்சைக்காயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். அறை 45 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பச்சை நிறம் மங்கி மஞ்சள் தட்டும், காய் வெடிக்கும். கீழே போனால் நிறம் நிற்கும், ஆனால் உள்ளே ஈரம் நின்றுவிடும். முடிவில் காயில் பத்து சதவீத ஈரத்துக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். இத்தனையும் நாம் எதை நம்பிச் செய்கிறோம்? அறைச் சுவரில் செருகியிருக்கும் ஒரு வட்ட டயல், அதற்குள் ஒரு முள்.

தராசுக்கு முத்திரை உண்டு. எடையளவுத் துறை அலுவலர் வருவார், படிக்கல்லைச் சோதிப்பார். சுவரில் இருக்கும் டயலை அப்படி யாரும் வந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போது ஒரு ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்கு விளங்குவதற்காக நானே கட்டிய ஸ்டோர் இது. போடிமெட்டு தாண்டி மலைமேல், கடல் மட்டத்திலிருந்து 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு உலர்த்தும் அறைகள். இரண்டாம் அறையின் டயலுக்கு எண் வெ-2. இந்த டயல் 0 முதல் 120 டிகிரி வரை காட்டும். ஸ்டோர் தனக்கென்று வைத்துக்கொண்ட விதி: உண்மையான வெப்பத்துக்கும் டயல் காட்டுவதற்கும் இரண்டு டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. இரண்டு டிகிரி ஏன் என்றால், 50இல் வைத்து ஓட்டும்போது இரண்டு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் 45க்கும் 55க்கும் நடுவிலேயே நிற்போம். அரை டிகிரி என்று வைத்தால் மாதம் ஒரு டயலைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

செப்டம்பர் 4ஆம் தேதி வெ-2ஐச் சோதித்தார்கள். சரியாக இருந்தது. அக்டோபர் 29ஆம் தேதி மறுபடியும் சோதித்தார்கள். மூன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டியது.

எப்படிச் சோதித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

சரியான முறை இரண்டு இடங்களில் பார்ப்பது. ஒன்று, ஐஸ். ஐஸைப் பொடியாக உடைத்து, ஒரு வாளியிலோ பிளாஸ்கிலோ நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். ஐஸ் மேலே மிதந்து அடியில் தண்ணீர் மட்டும் நின்றால் அது சரியான சோதனை அல்ல. அடிவரை ஐஸ் இருக்க வேண்டும். டயலின் தண்டை ஆழமாக விட்டு, கிளறிக்கொண்டே நான்கு நிமிடம் காத்திருங்கள். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மீன்கடை ஐஸ் வாங்காதீர்கள். அதில் உப்பு ஒட்டியிருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். நல்ல டயலைக் கெட்டது என்பீர்கள். வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ் போதும்.

இரண்டாவது, நாம் வேலை செய்யும் இடத்திலேயே பார்ப்பது. 50 டிகிரியை ஒட்டிய வெந்நீரில், ஆய்வகத்தில் அளவுதிருத்தம் செய்து சான்று வாங்கிய ஒரு வெப்பமானியையும் நம் டயலையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டு, கிளறிக்கொண்டே இரண்டையும் படிப்பது. தண்டின் நுனியில் ஐந்தாறு சென்டிமீட்டராவது மூழ்க வேண்டும். உள்ளே இருக்கும் சுருள் தகடு அந்த நீளத்துக்குத்தான் உட்கார்ந்திருக்கிறது. நுனியை மட்டும் நனைத்தால் முள் பாதி வழியில் நின்றுவிடும்.

அக்டோபர் 29இல் கிடைத்தது இது: ஐஸில் முள் மூன்றரையில் நின்றது. வெந்நீரில் நல்ல வெப்பமானி 50 காட்ட, வெ-2 ஐம்பத்து மூன்றரை காட்டியது. இரண்டு இடத்திலும் அதே மூன்றரை. இதை நன்றாகக் கவனியுங்கள். உள்ளே சுருள் கெட்டிருந்தால், அல்லது அளவுக்கு மீறிச் சூடாகித் தளர்ந்திருந்தால், ஐஸில் ஒரு வித்தியாசமும் வெந்நீரில் வேறொரு வித்தியாசமும் வருவதுதான் வழக்கம். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது என்றால் முள்ளோ டயலோ மொத்தமாகத் திரும்பியிருக்கிறது. கீழே விழுந்திருக்கலாம். அல்லது பின்னால் இருக்கும் திருகை யாரோ திருப்பியிருக்கலாம்.

திருப்பியிருக்கிறார்கள். விசாரித்தபோது தெரிந்தது. அறையைச் சுத்தம் செய்தபோது, ஒரு பையன் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து டயலை உள்ளே விட்டிருக்கிறான். முள் தொண்ணூற்றாறரையில் நின்றிருக்கிறது. தண்ணீர் கொதிப்பது நூறு டிகிரியில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் அவன். திருகைத் திருப்பி முள்ளை நூறில் நிறுத்திவிட்டு, நல்லது செய்துவிட்டோம் என்று போய்விட்டான்.

அவன் பாடப்புத்தகத்தில் தப்பில்லை. அது கடலோரத்துக்கு எழுதிய கணக்கு. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். நம் போடியிலேயே தண்ணீர் நூறில் கொதிப்பதில்லை, 99ஐ ஒட்டிக் கொதிக்கும். 1100 மீட்டரில் 96க்குச் சற்று மேலே. ஆக, அந்தப் பையன் கை வைக்கும்போது வெ-2 சரியாகத்தான் இருந்தது! மலையில் கொதிநீர்ச் சோதனை வேண்டாம் என்று நான் எங்கே போனாலும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பனிக்கட்டி உருகுவது மலையானாலும் மதுரையானாலும் நடைமுறைக்கு ஒரே இடத்தில்தான்.

சரி, மூன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டினால் என்ன ஆகும்? டயலில் 50 வைத்து ஓட்டுகிறோம். அறையில் உண்மையில் நாற்பத்தாறரைதான். காய் வெந்துபோகாது, மஞ்சளாகாது, வெடிக்காது. பார்வைக்குப் பச்சையாக, அழகாகவே இருக்கும். இதே டயல் குறைவாகக் காட்டியிருந்தால், அறை சூடேறி, முதல் தட்டிலேயே மஞ்சள் காயைப் பார்த்து மேற்பார்வையாளர் கூச்சல் போட்டிருப்பார். கூடுதலாகக் காட்டும் டயலின் தப்பு கண்ணுக்குத் தெரியாது. அறை கொஞ்சம் குளிர்ந்திருப்பதால் உலர்வது தாமதமாகும். நாமோ வழக்கமான மணிக்கணக்குக்கு அணைத்து இறக்கிவிடுகிறோம். இறக்கும்போது தோல் மொறமொறப்பாகத்தான் இருக்கும். காயைக் குலுக்கினால் விதை ஆடுகிற மாதிரியும் தோன்றும். ஈரம் விதைக்குள் இருக்கிறது. மூட்டையில் போட்டு நாலைந்து நாளில் அந்த ஈரம் தோலுக்கு வந்து காய் துவளும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஈரம் நின்றால் எடை கூடும். 200 கிலோ பச்சைக்காய் போட்டு, பத்து சதவீத ஈரத்தில் 40 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் இல்லாத பொருள் 36 கிலோ. அதே 36 கிலோவைப் பதினாலு சதவீத ஈரத்தோடு இறக்கினால் எடை கிட்டத்தட்ட 42 கிலோ. ஒரு லோடுக்கு இரண்டு கிலோ லாபம்! ஸ்டோர்காரர் சந்தோஷப்படுவார். "இந்த மாசம் வரவு நல்லாருக்கே" என்பார். அளவுக்கருவி கெட்டது அவருக்கு நல்ல செய்தியாகத்தான் வந்து சேர்கிறது.

இந்த எடைதான் நமக்குத் துப்பும். செப்டம்பர் 4இல் சரி, அக்டோபர் 29இல் தப்பு. இடையில் ஐம்பத்தைந்து நாள். நோட்டீஸில் "செப்டம்பர் 4க்குப் பிறகு உலர்ந்தது எல்லாம் சந்தேகத்துக்குரியது" என்று எழுதினால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் யாருக்கும் உதவாது. அவ்வளவு மூட்டைகளையும் நிறுத்திவைக்க எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டார். ஸ்டோர் நோட்டுப்புத்தகத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் பச்சை எடை, உலர்ந்த எடை எழுதியிருப்பார்கள். இந்த ஸ்டோரில் அக்டோபர் 11 வரை 200 கிலோவுக்கு முப்பத்தொன்பதரை, 40 என்று வந்திருக்கிறது. 12ஆம் தேதி லோடிலிருந்து நாற்பத்தொன்றரை, 42. அறை சுத்தம் செய்ததும் 11ஆம் தேதி மாலை. இரண்டும் பொருந்துகின்றன.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு லோடின் எடையை வைத்து முடிவு கட்டக்கூடாது. மழைக்குப் பிறகு பறித்த காய்க்கும் வெயிலில் பறித்த காய்க்கும் தண்ணீர் அளவு வேறு. முற்றாத காய் கலந்தால் உலர்ந்த எடை குறையும். வரிசையாகப் பல லோடுகள் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அது சாட்சி. பக்கத்து அறையான வெ-1இல் அதே நாட்களில் அதே தோட்டத்துக் காய் 40 கிலோவிலேயே நின்றிருந்தால் சாட்சி இன்னும் உறுதி.

இனி நோட்டீஸைப் படிக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

"பெறுநர்: உற்பத்தி மேற்பார்வையாளர். பொருள்: வெ-2 டயல் வெப்பமானி பயன்பாட்டிலிருந்து நீக்கம்.

அக்டோபர் 29 காலை சோதித்ததில், இரண்டாம் உலர்த்தும் அறையின் வெ-2 வெப்பமானி, ஐஸிலும் 50 டிகிரியிலும் உண்மையைவிட மூன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. நம் வரம்பு இரண்டு டிகிரி. கடைசியாகச் சரியாக இருந்தது செப்டம்பர் 4. பின்திருகு அக்டோபர் 11 மாலை திருப்பப்பட்டதாகத் தெரிகிறது. இது கருவியைப் பற்றிய அறிவிப்பு. யார் மீதும் நடவடிக்கை அல்ல.

டயலில் 50 காட்டியபோது அறையில் நாற்பத்தாறரை டிகிரிதான் இருந்தது. ஆகவே அக்டோபர் 12 முதல் 28 வரை இரண்டாம் அறையில் உலர்ந்த எட்டு லோடுகளில் ஈரம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அவற்றில் ஐந்து லோடுகள் நம் கிடங்கில் உள்ளன. அவற்றைத் தரம் பிரிக்கவோ அனுப்பவோ வேண்டாம். தனியாக அடுக்கிச் சிவப்பு அட்டை கட்டவும். ஏலத்துக்குப் போன மூன்று லோடுகளைப் பற்றி உரிமையாளர் முடிவெடுப்பார். அக்டோபர் 11 லோடிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்கவும்.

வெ-2ஐக் கழற்றிச் சிவப்பு அட்டையுடன் அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அதன் இடத்தில் இன்று சோதித்த வெ-5 மாட்டப்பட்டிருக்கிறது. வெ-2ஐ வேறு அறையில் பயன்படுத்தக்கூடாது. மூன்றரை கழித்துப் படித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வேண்டாம்."

கீழே கையெழுத்து, தேதி. வாங்கியவர் கையெழுத்துக்கு ஓர் இடம். அவ்வளவுதான், ஒரு பக்கம்.

இதில் சில வரிகளை நான் ஏன் போட்டேன் என்று சொல்கிறேன்.

"யார் மீதும் நடவடிக்கை அல்ல" என்ற வரி. அது இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் அடுத்த முறை டயல் மேல் சந்தேகம் வந்தாலும் வாய் திறக்கமாட்டார். திருகைத் திருப்பிய பையனும் 11ஆம் தேதியைச் சொல்லியிருக்கமாட்டான். அந்த ஒரு தேதி கிடைக்காவிட்டால் நாம் நிறுத்திவைக்க வேண்டியது எட்டு லோடு அல்ல, ஏறக்குறைய இரண்டு மாதச் சரக்கு.

"கூடுதலாகக் காட்டியது" என்ற சொல். "தப்பாகக் காட்டியது" என்று மட்டும் எழுதிய நோட்டீஸ்களைத்தான் நிறையப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் தப்பு என்று சொல்லாவிட்டால், மேற்பார்வையாளர் காய் மஞ்சளாகியிருக்கிறதா என்று தேடுவார். பச்சையாக இருக்கிறதே, ஒன்றும் ஆகவில்லை என்று மூட்டையைக் கட்டிவிடுவார். அதனால்தான் அடுத்த வரியில் "டயலில் 50, அறையில் நாற்பத்தாறரை" என்று பிரித்துச் சொல்கிறோம். அதைப் படித்தவுடன் எங்கே தேட வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

மூன்றரை கழித்துப் படிக்கக்கூடாது என்றதற்குச் சிலர் சண்டைக்கு வருவார்கள். எங்கும் ஒரே அளவுதானே தள்ளியிருக்கிறது, கழித்தால் என்ன என்பார்கள். பகல் ஷிப்டில் இருப்பவர் கழிப்பார். இரவு இரண்டு மணிக்கு விறகு போட வருபவர் கழிக்கமாட்டார். ஒருவர் கழித்தும் ஒருவர் கழிக்காமலும் ஒரே அறையை ஓட்டினால் அதைவிட மோசம் வேறில்லை. தவிர, ஒருமுறை நழுவிய முள் மறுபடி நழுவாது என்று யார் சொன்னது?

கழற்றியதும் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடத்தான் கை துறுதுறுக்கும். முதலில் இரண்டு இடத்து அளவையும் எழுதிவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். சரிசெய்த பிறகு அந்த மூன்றரையை யாராலும் திரும்பப் பெற முடியாது. எட்டு லோடுக்கும் சாட்சி அதோடு போய்விடும். எழுதிய பிறகு சரிசெய்யலாம், மறுபடி ஐஸிலும் வெந்நீரிலும் பார்க்கலாம், தேறினால் மாட்டலாம். ஆனால் விரலால் தட்டும்போது முள் துள்ளி வேறு இடத்தில் நின்றால், அந்த டயலைச் சரிசெய்ய முயலாதீர்கள். அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஐஎஸ்ஓ 9001 சான்று வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.1.5.2 என்ற பிரிவு இதைத்தான் கேட்கிறது: கருவி கெட்டது தெரிந்தால், அதை வைத்து முன்பு எடுத்த அளவுகள் செல்லுமா என்று பார்த்து, வேண்டியதைச் செய். சான்று இல்லாத ஸ்டோருக்கும் கேள்வி அதேதான்.

கிடங்கில் நிற்கும் ஐந்து லோடுகளை என்ன செய்வது? ஒவ்வொன்றிலும் பல மூட்டைகளிலிருந்து, மூட்டையின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து ஒரு மாதிரி சேர்க்க வேண்டும். ஈரம் பார்க்க லேபுக்கு அனுப்பும்போது எந்த முறையில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். சூட்டடுப்பில் வைத்து எடை குறைவதைப் பார்க்கும் முறையில் ஏலக்காயின் எண்ணெயும் ஆவியாகிவிடும். அதையும் தண்ணீர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். வாசனைப் பொருளுக்கு டொலுயீனில் காய்ச்சித் தண்ணீரை மட்டும் பிரித்து அளக்கும் முறைதான் சரி. பத்துக்கு மேல் வந்த லோடுகளை மறுபடி தட்டில் பரப்பி, 45 முதல் 50 டிகிரிக்குள் சில மணி நேரம் ஓட்டி இறக்கலாம். ஆறவிட்டு, மறுநாள் மறுபடியும் மாதிரி பாருங்கள். பூசணம் தட்டிய வாசனை வந்த லோடை உலர்த்திப் பயனில்லை. அதைத் தனியே ஒதுக்குங்கள்.

ஏலத்துக்குப் போன மூன்று லோடுகள்தான் சங்கடமானவை. போடியிலோ புற்றடியிலோ ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் மாதிரியைப் பார்த்து விலை போட்டு வாங்கிவிட்டார்கள். அது இப்போது யாருடைய குடோனில், எந்தத் தரத்தோடு கலந்திருக்கிறதோ? மேற்பார்வையாளர் இதில் முடிவெடுக்கக்கூடாது. அது அவருடைய அதிகாரத்துக்கு மேற்பட்ட விஷயம். உரிமையாளர் ஏலதாரர் மூலம் வாங்கியவருக்குச் சொல்லிவிடலாம்: இந்த லாட் எண்களில் ஈரம் கூடுதலாக இருக்கலாம், நீண்ட நாள் அடுக்கி வைக்காமல் முதலில் பார்த்துவிடுங்கள் என்று. இரண்டு கிலோ எடைக்குப் பேரம் வரத்தான் செய்யும். போன் வரும் முன்பே நாம் போன் செய்தால் அந்தப் பேரம் சின்னதாக முடியும் என்பது என் அனுபவம். சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். எட்டு மாதம் கழித்து யாராவது பூசணம் பிடித்த மூட்டையைத் திறந்துவைத்துப் போட்டோ அனுப்பினால், அவர்களிடம் காட்ட இந்த ஒரு பக்கக் காகிதம்கூட இருக்காது.

நோட்டீஸ் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக வைத்துக்கொள்ளக்கூடாது. அதன் பின்பக்கத்தில் எட்டு வரி போட்டு, ஒவ்வொரு லோடுக்கும் என்ன கிடைத்தது, என்ன செய்தோம், எந்தத் தேதி என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். எட்டாவது வரியும் நிரம்பிய பிறகுதான் மேற்பார்வையாளரும் தரப் பொறுப்பாளரும் கீழே கையெழுத்துப் போட்டு அதை மூட வேண்டும். வெ-2 திரும்ப மாட்டப்படுவது அதற்கு முன்பு நடக்கலாம், பின்பும் நடக்கலாம். அது வேறு விஷயம், அதற்கு வேறு பதிவு.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மாற்றாக மாட்டிய வெ-5 கடையிலிருந்து வாங்கிவந்த புது டயல். டப்பாவைப் பிரித்தவுடன் மாட்டிவிடாமல், அதையும் ஐஸிலும் வெந்நீரிலும் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். டயல் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், ஐஸ் இருக்கிறது.